வால் எலும்பு வலி: விழுந்து 7 வாரம் ஆகிறது, எம்ஆர்ஐ எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

செல்வி, திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 36 வயது. வீட்டிலேயே ஓவர்லாக் மிஷின் போட்டு பனியன் துணி தைத்துக் கொடுக்கிறேன். 7 வாரத்துக்கு முன்னால் துவைக்கிற கல் பக்கத்தில் சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே விழுந்துவிட்டேன். படியின் விளிம்பு நடுவில் சரியாக இடித்தது. மறுநாள் படுத்த நிலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "வால் எலும்பு முன்பக்கம் வளைந்துள்ளது, முறிவு இருக்கலாம்" என்று அறிக்கையில் எழுதியிருக்கிறது. வலி மாத்திரையும் ஓய்வும் சொன்னார்கள். ஒரு வாரம் ஓய்வு எடுத்தேன், அதற்கு மேல் வீட்டில் முடியவில்லை.

இப்போது நடந்தால் வலி இல்லை, படுத்தாலும் இல்லை. ஸ்டூலில் 20 நிமிடம் உட்கார்ந்தால் ஆரம்பிக்கிறது. அதைவிட மோசம், எழுந்திருக்கும் அந்த ஒரு நொடி. ஆணி வைத்து இழுத்த மாதிரி இருக்கும், மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறேன். மாத்திரை இன்னும் தினமும் போடுகிறேன். நேற்று இன்னொரு இடத்தில் காட்டினேன், முதுகுத்தண்டு முழுக்க எம்ஆர்ஐ எடுத்து வா என்றார்கள். 7,000 ரூபாய் ஆகுமாம். எடுப்பதா, பொறுப்பதா? எலும்பு வளைந்தே ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது.

முருகேசன்

அம்மா, உடனே எம்ஆர்ஐ எடுத்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். எனக்கும் இதே முதுகு வலிதான். எல்4, எல்5 நடுவில் ஜவ்வு விலகி, வலது கால் கட்டை விரல் வரை மரத்துப் போய்விட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, எம்ஆர்ஐயில்தான் தெரிந்தது.

செல்வி, திருப்பூர்

முருகேசன் அண்ணா, எனக்கு இடுப்பில் வலி இல்லை, காலிலும் ஒன்றும் இல்லை. இரண்டு பிட்டத்துக்கும் நடுவில், பிளவு தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரே ஒரு புள்ளி. விரலால் அழுத்தினால் அந்த இடம்தான்.

கண்ணன், மெடிக்கல் ஷாப்

7 வாரம் கடந்தும் வலி என்றால் எம்ஆர்ஐ கட்டாயம், 6 வாரத்தில் எலும்பு கூடியிருக்க வேண்டும். அதுவரை நடுவில் ஓட்டை உள்ள காற்றுக் குஷன் வாங்கி உட்காருங்கள், எங்கள் கடையில் இதற்கு அதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். காலையும் இரவும் இளஞ்சூடான தண்ணீர் தொட்டியில் 15 நிமிடம் உட்காருங்கள். மலச்சிக்கல் வரவே கூடாது, முக்கினால் அந்த எலும்பில்தான் இழுக்கும். தண்ணீர் நிறைய குடித்து, இரவில் இசப்கோல் போடுங்கள்.

சரவணன், பிசியோ

செல்வி அக்கா, நான் டாக்டர் இல்லை. ஆர்த்தோ பிரிவில் 16 வருடமாக பிசியோவாக இருக்கிறேன், இந்த வலியோடு வருகிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். முதலில் அந்த "வளைந்துள்ளது" என்ற வார்த்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்கள் பயம் அதில்தான் இருக்கிறது.

வால் எலும்பு எல்லோருக்கும் முன்பக்கம் வளைந்துதான் இருக்கும். சிலருக்கு லேசாக, சிலருக்குக் கொக்கி மாதிரி. பிறவியிலேயே அப்படி இருந்து, ஒரு நாள்கூட வலி தெரியாமல் வாழ்கிறவர்கள் ஏராளம். விழுவதற்கு முன்னால் எடுத்த படம் உங்களிடம் இல்லை. அப்படியிருக்க, இந்த வளைவு விழுந்ததால் வந்தது என்று அந்த ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. துண்டுகளுக்கு நடுவே இருக்கும் இணைப்பே சில நேரம் முறிவு மாதிரி தெரியும். உண்மையிலேயே முறிந்திருந்தாலும் அங்கே மாவுக்கட்டு போட வழியில்லை. பாரம் படாமல் உட்காருவது, வலியைக் குறைப்பது, மலம் இளக்கமாகப் போவது, அடிபட்டதற்கும் முறிந்ததற்கும் இதே வைத்தியம்தான். அதனால் முதல் வாரத்து எக்ஸ்ரேயால் பெரும்பாலும் வைத்தியம் மாறுவதில்லை. 7 வாரத்தில் தீராததும் அதிசயம் இல்லை. முறிவாக இருந்தால் 2, 3 மாதம் வரை போகும், அதுவும் தினமும் ஸ்டூலில் உட்காருகிறவருக்கு.

அடுத்தது நீங்கள் சொன்ன ஒரு விஷயம். படுத்தால் வலி இல்லை, எழும் நொடியில் ஆணி இழுக்கிறது என்றீர்கள். உட்காரும்போது மட்டும் இடம் மாறி, எழும்போது திரும்பி வருகிற எலும்பு படுத்து எடுத்த எக்ஸ்ரேயில் பிடிபடாது. படுத்தபடியே எடுக்கும் எம்ஆர்ஐயிலும் பிடிபடாது. அதற்குப் பக்கவாட்டில் இரண்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒன்று நின்றபடி, ஒன்று கெட்டியான ஸ்டூலில் உட்கார்ந்து, கொஞ்சம் பின்னால் சாய்ந்து, உங்களுக்கு வலி வருகிற அதே நிலையில். நின்று எடுப்பதுதான் முதலில். அதற்கு முன் 10 நிமிடமாவது உட்காராமல் நின்றிருக்க வேண்டும், இல்லையென்றால் எலும்பு உட்கார்ந்த நிலையிலேயே இருந்து இரண்டு படமும் ஒன்றுபோல் வந்துவிடும். பிரான்ஸில் மெய்ன் என்ற டாக்டர் 1990களில் இந்த முறையைக் கொண்டுவந்தார். உட்காரும்போது 5 முதல் 25 டிகிரி வரை எலும்பு அசைவது சாதாரணம். 25-ஐத் தாண்டினால் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். சிலருக்கு எலும்பு பின்பக்கமாகவே நழுவும்.

இன்னும் 2, 3 வாரம் ஒழுங்காகப் பாரம் குறைத்துப் பார்த்து, அப்படியும் குறையவில்லை என்றால் இந்த இரண்டு படத்தையும் டாக்டரிடம் கேளுங்கள். எக்ஸ்ரே அறையில் மாதவிடாய் தேதியை மறக்காமல் சொல்லுங்கள், கதிர் நேராக இடுப்புக்குள் போகிற படம் அது.

கண்ணன் சொன்ன வெந்நீரும் இசப்கோலும் சரி. வளையக் குஷன்தான் வேண்டாம். அதில் உட்கார்ந்தால் பிட்டம் ஓட்டைக்குள் இறங்கும், எலும்புக்கு நேர் பின்னால் இருக்கும் வளையம் அதிலேயே முட்டும். உங்களுக்குத் துணி வேலை தெரியும், நீங்களே செய்துகொள்ளலாம். 16 அங்குலச் சதுரத்தில், 3 அங்குல உயரத்தில் கெட்டியான ஃபோம் வாங்குங்கள். பின் விளிம்பின் நடுவிலிருந்து உள்நோக்கி 4 அங்குல அகலம், 6 அங்குல ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த வெட்டு பின்பக்கம் திறந்தே இருக்க வேண்டும். மரப் பலகையில் வைத்து உட்கார்ந்து, பின்னாலிருந்து கையை அந்த இடைவெளியில் விடுங்கள். எலும்பு எதன் மேலும் படாமல் விரல் தாராளமாகப் போய்வந்தால் சரி. ஃபோம் அமுங்கி விரல் நசுங்கினால் அது உங்களுக்கு மெத்து. எழும்போது முதலில் நெஞ்சை முன்னால் சாய்த்து, பாரத்தைத் தொடைக்கு மாற்றிக்கொண்டு எழுங்கள்.

மாத்திரையை 7 வாரமாகத் தினமும் போடுவதாகச் சொன்னீர்கள். வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் வகை அதில் உண்டு. சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

கண்ணன், மெடிக்கல் ஷாப்

குஷன் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி சார். அப்படியென்றால் எம்ஆர்ஐ எப்போதுதான் வேண்டும்?

சரவணன், பிசியோ

விழாமலே வலி வந்து கூடிக்கொண்டே போனால். படுத்தாலும், தூக்கத்திலும் விடாத வலி என்றால். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு எப்போதாவது புற்றுநோய் இருந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. சைக்கிள் சீட் படுகிற இடம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தெரியாமல் போவது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, அது அவசரம். வயதான, எலும்பு தேய்ந்த அம்மாக்கள் லேசாக விழுந்தாலும் வால் எலும்புக்கு மேலே இருக்கும் திரிக எலும்பில் கீறல் விழும். எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம், அங்கே எம்ஆர்ஐ உதவும். உட்கார்ந்த படத்திலும் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் நீடித்தாலும் எடுப்பார்கள்.

எடுப்பதானால் செல்வி அக்கா, எந்த இடத்துக்கு எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இடுப்பு முதுகுக்கு எடுக்கும் வழக்கமான எம்ஆர்ஐ பல நேரம் வால் எலும்பு வரை இறங்காது. வலி இருக்கும் இடமே படத்தில் இல்லாமல் "நார்மல்" என்ற அறிக்கையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சீட்டில் திரிக எலும்பையும் வால் எலும்பையும் குறிக்கும் சேக்ரம், காக்சிக்ஸ் என்ற பெயர்களைத் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

பிரபு, லாரி டிரைவர்

ஒரு விஷயம் சொல்கிறேன், யாரும் சொல்லவில்லை. எனக்கும் அதே இடத்தில் வலி. 12 மணி நேரம் ஓட்டுவதால் வால் எலும்பு என்று நினைத்து 3 வாரம் தைலம் தேய்த்தேன். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ஒரு நாள் பனியனில் சீழ் கறை. பிளவில் சின்னத் துளை, உள்ளே முடி புதைந்து கட்டி. ஆபரேஷன் செய்துதான் சரியானது. வீட்டில் யாரையாவது தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். வீக்கம், சூடு, ஈரம் இருந்தால் இது எலும்பே இல்லாமல் இருக்கலாம்.

செல்வி, திருப்பூர்

பிரபு தம்பி, என் அக்கா பார்த்தார்கள். துளையோ வீக்கமோ இல்லை. சார் சொன்ன மற்ற எதுவும் எனக்கு இல்லை. ஃபோம் நேற்றே வெட்டிவிட்டேன். முதலில் வாங்கியது அமுங்கியது, இரண்டாவது சரியாக வந்தது.

செல்வி, திருப்பூர் (24 நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். ஃபோமில் 20 நிமிடம் என்பது 50 நிமிடம் ஆனது. எழும்போது இருக்கும் இழுப்பு மட்டும் போகவில்லை. ஆர்த்தோ டாக்டரிடம் கேட்டேன், நின்றும் உட்கார்ந்தும் எடுக்க எழுதிக்கொடுத்தார். எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் பழக்கத்தில் படுக்கச் சொன்னார்கள். சீட்டை மறுபடி காட்டி, 10 நிமிடம் வராந்தாவில் நின்றுவிட்டுப் போய் எடுத்தேன். டாக்டர் இரண்டு படத்தையும் விளக்குப் பெட்டியில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். உட்கார்ந்த படத்தில் கடைசித் துண்டு நன்றாக உள்ளே மடங்கியிருக்கிறது, 30 டிகிரிக்கு மேல் என்றார். முறிவின் அடையாளம் இல்லை, இணைப்புதான் தளர்ந்திருக்கிறது. எம்ஆர்ஐ இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாத்திரையை நிறுத்தி, தேவைப்பட்டால் மட்டும் பாராசிட்டமால்.

இன்னும் ஒரு மாதம் பார்த்து, குறையாவிட்டால் அந்த இணைப்பில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார். இன்னொருவர் முதலில் இடுப்புத் தளத் தசைக்கு, அதாவது மலம், சிறுநீரை அடக்கும் தசைக்கு, பயிற்சி செய் என்கிறார். எதை முதலில் செய்வது?

சரவணன், பிசியோ

இதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை அக்கா. பயிற்சி என்றால் இறுக்குகிற பயிற்சி இல்லை, தளர்த்துகிற பயிற்சி. அதற்கென்று பழகிய பெண் பிசியோவிடம் போங்கள், யூடியூபைப் பார்த்து இறுக்கினால் வலி கூடும். ஊசியில் சிலருக்கு மாதக்கணக்கில் நன்றாக இருக்கிறது, சிலருக்கு இரண்டு வாரத்தில் திரும்பி வருகிறது. யாருக்கு எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. நானாக இருந்தால் இந்த ஒரு மாதத்தைப் பயிற்சிக்குக் கொடுப்பேன்.

முருகேசன்

ஊசி போட்டால் நிரந்தரமாகச் சரியாகிவிடும் என்று என் மச்சான் சொல்கிறார்.

செல்வி, திருப்பூர்

அண்ணா, உங்கள் மச்சானுக்கும் வால் எலும்பிலா, இல்லை உங்களைப் போல இடுப்பிலா? எந்த இடத்தில் ஊசி போட்டார்கள் என்று கேட்டுச் சொல்ல முடியுமா? திங்கட்கிழமை பிசியோவிடம் முதல் நாள் போகிறேன், போய்வந்து எழுதுகிறேன்.