குழாயைச் சுற்றி மட்டும் கசிகிறது, என்ன செய்யலாம்?

தக்கலைப் பக்கம் வீடு கட்டுகிறோம். மாடி பாத்ரூம் தரையில் வாட்டர்புரூஃப் கோட்டிங் இரண்டு முறை அடித்து, சுவரிலும் ஒரு அடி உயரம் ஏற்றியாச்சு. காய்ந்தபின் வடிகால் வாயைத் துணியால் அடைத்து 2 நாள் தண்ணீர் கட்டினோம். கீழே வந்து பார்த்தால் சுவர் ஓரமெல்லாம் காய்ந்திருக்கிறது. பிவிசி குழாய் இறங்கும் இடத்தில் மட்டும் தோசைக்கல் அளவுக்கு ஈரவட்டம்.

குழாயைச் சுற்றி வெறும் சிமெண்ட் கலவைதான் வைத்தார்கள். வழவழப்பான பிவிசியில் அது ஒட்டாமல் மயிரிழை இடைவெளி விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். மேலே இன்னொரு கோட் போதும் என்கிறார் கொத்தனார். எனக்கு மனசு ஒப்பவில்லை. சுற்றிலும் கொத்தி எடுத்து, குழாயை உப்புத்தாளால் தேய்த்து, சுருங்காத கிரவுட் நிரப்பி, ஃபைபர் வலையோடு கோட்டிங்கைக் குழாய் வாய்க்குள் மடக்கிவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள் அண்ணன்மாரே. திங்கள்கிழமை டைல்ஸ்காரர் வருகிறார்.