'இன்வென்டரி பசிள்': தமிழில் என்ன சொல்லலாம்?

குன்னூரிலிருந்து:
அன்பர்களே, மழை நாட்களில் எங்கள் படிப்பகத்தில் பிள்ளைகள் பழைய சொடுக்குச் சாகச விளையாட்டுகளை ஆடுகிறார்கள். வழியில் கிடைத்ததைப் பையில் சேர்த்து, ஒன்றோடொன்று பொருத்தித் தடையைத் தாண்டும் புதிர்களில்தான் திணறுகிறார்கள். அவர்களுக்காக ஒரு குறிப்பேடு எழுதுகிறேன். 'சரக்குப் புதிர்' என்று எழுதிப் பார்த்தேன். மண்டி வாடை அடிக்கிறது.

கொடைக்கானலிலிருந்து:
எங்கள் கடையில் 'கையிருப்பு' என்போம். தைலம் எத்தனை புட்டி, சாக்லேட் எத்தனை பெட்டி என்று எண்ணி எழுதுவோம். கணக்குப் பதிவுக்குத்தானே சொல் கேட்கிறீர்கள்?

ஊட்டியிலிருந்து:
விளையாட்டைப் பற்றிய கேள்வி ஐயா அது. ஆனாலும் 'கையிருப்புப் புதிர்' பொருந்துகிறது. பையில் 12 பொருள் இருந்தால் இரண்டிரண்டாகச் சேர்க்க 66 வழிதான். பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தால் முடிந்துவிடும். வேறு முறை எதற்கு?

கோத்தகிரியிலிருந்து:
66 சரிதான் தம்பி, ஆனால் அது பைக்குள் மட்டும். திரையில் சொடுக்கக்கூடிய இடங்கள் 20 இருந்தால் இன்னும் 240 சேரும். ஒரு பொருளின் நிலை மாறினால் பார்த்ததையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும்.

1999இல் வந்த 'தி லாங்கஸ்ட் ஜர்னி'யில் சுரங்க ரயில் தண்டவாளத்தில் ஒரு சாவி கிடக்கும். அங்கே பையைத் திறக்காதீர்கள். சாவியை எடுக்க எது குறைகிறது என்று முதலில் எழுதுங்கள். கை எட்டவில்லை: நீளம் வேண்டும். எட்டினாலும் பிடிக்க ஏதாவது வேண்டும். கீழே போன பிடியை மூடக் கை இருக்காது. அது தானாக, சற்றுப் பொறுத்து மூட வேண்டும். இப்போது பையைப் பாருங்கள். துணி காயப்போடும் கயிறு நீளம் தருகிறது, இடுக்கி பிடிக்கிறது. மூன்றாவதற்கு ரப்பர் வாத்து. அதன் ஓட்டையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியை உரித்தால் காற்று மெல்ல இறங்கும். ஊதிய வாத்து இடுக்கியைத் திறந்து வைத்திருக்கும். சுருங்கியதும் இடுக்கி சாவியைக் கவ்விவிடும். வாத்தை உற்றுப் பார்க்காதவருக்கு அந்தப் பிளாஸ்திரி தெரியாது.

இந்த முறையை 'குறைநாடல்' என்பேன். புதிருக்குக் 'கையிருப்பு' வேண்டாம். அது எண்ணிக்கையைச் சொல்கிறது, இங்கே பொருளின் இயல்புதான் முக்கியம். 'பைப்பொருள் புதிர்' எனலாம்.

ஊட்டியிலிருந்து:
240ஐ நான் யோசிக்கவில்லை அக்கா. ஆனால் 'குறைநாடல்' குற்றம் தேடுவதுபோல் ஒலிக்கிறது. 'தேவைநாடல்'?

குன்னூரிலிருந்து:
'பைப்பொருள் புதிர்' எடுத்துக்கொள்கிறேன். மற்றதில் ஒரு சிக்கல். 1991இல் வந்த 'மங்கி ஐலண்ட் 2'இல் அருவியை நிறுத்த, மயங்கிய குரங்கையே திருகியாகப் பயன்படுத்த வேண்டும். அந்த வகைத் திருகியை ஆங்கிலத்தில் 'மங்கி ரென்ச்' என்பார்கள், பெயரிலேயே குரங்கு ஒளிந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் 'குழாயைத் திருக ஏதாவது வேண்டும்' என்று சரியாகவே எழுதினார்கள். பையில் இருந்த குரங்கை யாரும் நினைக்கவில்லை. மொழிபெயர்த்தாலே உடைந்துபோகும் இத்தகைய புதிருக்கும் ஒரு பெயர் வேண்டும். யாருக்காவது தோன்றுகிறதா?