தையல் மெஷினுக்காகக் குழுக் கணக்கைப் பிரித்துப் பார்த்த கதை

வரவுசெலவு:
ஐந்து தையல் மெஷின் வாங்க வங்கியில் கடன் கேட்பதென்று எங்கள் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். "நம்ம வசூல் 95 சதவீதம், யார் மறுப்பாங்க?" என்றார் தலைவி. நான் பொருளாளர். கையெழுத்துப் போடும் முன், குழு உறுப்பினர்களுக்குக் கொடுத்த உள்கடன் லெட்ஜரில் கடைசி ஆறு மாதத்தைப் பிரித்துப் பார்த்தேன். வரவேண்டிய தவணை 60,000 ரூபாய், வந்தது 57,000. ஆனால் அதில் 9,000 இரண்டு பேர் முன்கூட்டியே கட்டியது. அதைக் கழித்தால் உரிய தவணையில் வந்தது 48,000தான், அதாவது 80 சதவீதம். பாக்கி 12,000 முழுக்க நான்கு பேருடையது. அவர்களில் மூன்று பேர் மெஷின் கேட்டவர்கள்!

கூட்டத்தில் பெயர் சொல்லாமல் தொகையை மட்டும் படித்தேன். ஒருவர் எழுந்து, "என்னைத்தானே சொல்றீங்க, அக்கா?" என்றார். அந்தக் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. கடைசியில் குழுவின் பெயரில் இரண்டு மெஷின் போதும் என்று தீர்மானம் எழுதினோம்.

ஊசிநூல்:
இது அநியாயம். வருமானம் இல்லாததால்தானே தவணை நின்றது? மெஷின் வந்தால் தானாகக் கட்டிவிடுவார்கள். எங்கள் குழுவில் அப்படித்தான் நடந்தது.

பழைய_பொருளாளர்:
தானாக எதுவும் கட்டப்படாது. தைக்கத் துணி வரவேண்டும். ஆனால் ஊசிநூல் கேட்பதும் சரிதான், பாக்கி எந்த மாதங்களில் விழுந்தது என்று பாருங்கள். வயல் வேலை இல்லாத மாதங்களில் மட்டும் என்றால் மெஷின் கைகொடுக்கும். எல்லா மாதமும் என்றால் புதுக் கடன் சுமைதான் ஏறும். இன்னொன்று, ஆபத்து 12,000 மட்டும் இல்லை. அந்த நான்கு பேரின் மொத்த நிலுவையையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் குழுவில் ஒருவருக்கு ஒரு தவணைகூடத் தவறாதவர் என்று பெயர். பழைய கடன் முடிந்த தேதியையும் புதுக் கடன் கொடுத்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் இரண்டும் ஒரே கூட்டத்தில்தான் நடந்திருக்கிறது. புதியதில் பழையதை அடைத்துக்கொண்டே வந்திருக்கிறார். லெட்ஜரில் மட்டும் 100 சதவீதம்.

செல்வி_டெய்லர்:
எந்த மெஷின் என்று யாருமே கேட்கவில்லையே? சாதா மெஷினோடு நிறுத்தாதீர்கள். இரண்டில் ஒன்று ஓவர்லாக்காக இருக்கட்டும், பிசிறடிக்கும் துணிக்கு அதுதான் வேண்டும். சாதா மெஷினுக்கு மோட்டார் மாட்டுங்கள், ஆனால் மிதியைக் கழற்றி எறியாதீர்கள், கரண்ட் போனால் உதவும். ரிப்பேருக்கு ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

வரவுசெலவு:
மாதவாரியாகப் பார்த்துவிட்டேன். இரண்டு பேருக்கு வேலையில்லாத மாதங்களில் மட்டும்தான் பாக்கி. மூன்றாமவருக்கு எல்லா மாதமும். ஆனால் நன்றாகத் தைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இதை எந்த லெட்ஜரில் எழுதுவது?