மாமியாரின் மீன் குழம்பு வீடியோவைக் குறிப்பாக எழுதியபோது

ராயபுரம் அகிலா:
என் மாமியார் சங்கரா மீன் குழம்பு வைப்பதை நாத்தனார் வீடியோ எடுத்தார். அதில் பேசியதை எழுத்தாக்கி, அளவோடு குறிப்பு எழுத உட்கார்ந்தேன். எழுத்தில் "இவ்ளோ புளி", "இந்தக் கரண்டில ரெண்டு எண்ணெய்" என்றுதான் இருந்தது. கையால் காட்டியது எதுவும் எழுத்தில் வரவில்லை. அந்தக் கரண்டியையே எடுத்துத் தண்ணீர் ஊற்றி அளந்தேன், 50 மில்லி. அத்தை உருட்டிக் கொடுத்த புளி 30 கிராம்.

நேரத்தில்தான் தவறிவிட்டேன். வீடியோவில் புளிக்கரைசல் ஊற்றியது 4:10, மீன் போட்டது 4:50. "ஒரு நிமிடம் கொதிக்கவிடவும்" என்று எழுதிவிட்டேன். அதைப் பார்த்துச் சமைத்த என் தங்கைக்குக் குழம்பு தண்ணியாக, பச்சை வாசனையோடு வந்தது. நடுவில் வெட்டியிருக்கிறார்கள்! அடுத்த முறை கடிகாரத்தோடு அடுப்பருகே நின்றேன். 14 நிமிடம்.

திருவொற்றியூர் பாலா:
நான் ஒரு தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று எல்லாவற்றையும் மாற்றிவிடுவேன். சுலபம்.

வண்ணாரப்பேட்டை செல்வி:
பாலா, அது 5 மில்லி. தண்ணீருக்குச் சரி. மிளகாய்த்தூள் ஏறக்குறைய 3 கிராம்தான் வரும், தூள் உப்பு 6 கிராம். கரண்டிக் கணக்கைக் கரண்டியாகவே விடுங்கள்.

அகிலா, இந்த வேலையைச் சில வருடங்களாகச் செய்கிறேன். வெட்டியிருக்கிறதா என்று சட்டியின் உள்விளிம்பைப் பார்த்தாலே தெரியும். குழம்பு சட்டென்று ஒரு விரல் இறங்கியிருந்தால் நடுவில் நேரம் போயிருக்கிறது. அதனால் "எண்ணெய் பிரியும் வரை" என்று முதலில் எழுதி, நிமிடத்தைப் பின்னால் போடுங்கள். உங்கள் அடுப்பு வேறு, தங்கையின் அடுப்பு வேறு.

இன்னொன்று, கடைசியில் சொல்வதையும் விடாதீர்கள். ஒரு அம்மா இறக்கி வைத்தபிறகு, "மீன்ல முன்னாடியே உப்பு தடவிட்டேன், அதான் குழம்புல கம்மியா போட்டேன்" என்றார். அதை அடியில் 'குறிப்பு' என்று போட்டால் யாரும் படிக்காமல் உப்பு ஏறிவிடும். மீன் கழுவும் இடத்தில் ஒரு முறை, உப்பு போடும் இடத்தில் ஒரு முறை எழுதினேன்.

காசிமேடு லூர்து:
சங்கராவை விடியற்காலை ஏலத்தில் வாங்குங்கம்மா, செவுள் சிவப்பா இருக்கணும். மீன் போட்டதும் கரண்டி விடக்கூடாது, சட்டியைத் துணியால பிடிச்சு ஆட்டணும். ஒரு கிலோ மீன் வாங்கினா வெட்டிக் கழுவினப்புறம் எங்க வீட்ல 650 கிராம்தான் நிக்கும்.

ராயபுரம் அகிலா:
அண்ணா, கேட்டது அது இல்லை, ஆனால் நல்லவேளை சொன்னீர்கள். நான் "ஒரு கிலோ மீன்" என்று மட்டும் எழுதியிருந்தேன். அத்தையிடம் கேட்டேன், வாங்கும்போது ஒரு கிலோவாம். திருத்திவிட்டேன். சட்டியை ஆட்டுவதை அத்தையும் சொல்லியிருக்கிறார், அதை மீன் போடும் படியிலேயே சேர்த்துவிட்டேன்.

ஒரு வரி மட்டும் நிற்கிறது. "மாங்கா போட்டா புளியைக் குறைச்சுக்கோ" என்கிறார். எவ்வளவு என்றால், "கடிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்" என்கிறார்.

வண்ணாரப்பேட்டை செல்வி:
அப்படியே எழுதுங்கள்.

திருவொற்றியூர் பாலா:
பாதி என்று போட்டால் என்ன?