4520 சென்டில் ஒளிந்திருக்கும் விற்பவர்: கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். ஜோகன்னஸ்பர்க் பங்குச்சந்தையில் நான் கவனிக்கும் ஒரு பங்கில் நேற்று 4520 சென்டில் 2000 பங்குதான் விற்பனைக்குத் தெரிந்தது. ஒரே வாங்கும் ஆர்டர் வந்து 5000 பங்கு அதே விலையில் கைமாறியது, அப்புறமும் 1000 பங்கு மிச்சம் காட்டியது.

இது ஐஸ்பெர்க் ஆர்டர் என்றுதான் நினைக்கிறேன். 2000, இன்னொரு 2000, மூன்றாவது துண்டில் 1000 போக மிச்சம் 1000, கணக்கு சரியாக வருகிறது. முழுவதும் மறைத்த ஆர்டராக இருந்தால், தெரிந்த 2000 தீர்ந்ததும் அந்த விலையில் எதுவும் காட்டியிருக்காதே.

என் குழப்பம் அதற்குப் பிறகு வந்ததில்தான். மிச்சம் 1000 விற்றதும், சற்று இடைவெளி விட்டு மறுபடி 2000 வந்தது. சந்தையின் கணினியே நிரப்பினால் உடனே வரும், புரோக்கரின் மென்பொருள் துண்டு துண்டாக அனுப்பினால் தாமதம் தெரியும், வேறொருவர் புதிதாக விற்க வந்திருக்கவும் வாய்ப்புண்டு. எனக்கு வரும் தரவு நொடிக்கு ஒருமுறை எடுக்கும் படம் மாதிரி, அதனால் அந்த இடைவெளியை நம்ப முடியவில்லை.

ஒவ்வொரு ஆர்டரும் தனித்தனியாகத் தெரியும் தரவு வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்களா? புதுத் துண்டு வரிசையின் கடைசிக்குத்தான் போகும் என்பதை வைத்து இதைப் பிரித்தறிவீர்களா? உள்ளே இன்னும் எவ்வளவு பாக்கி என்று எப்படி மதிப்பிடுகிறீர்கள்?