ஒரு முகூர்த்தத்துக்கு மட்டும் நரையை மறைக்கணும்: பவுடரா, ஸ்பிரேயா?

நெல்லை மகேஸ்வரி: தங்கச்சி மகளுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை கல்யாணம். முகூர்த்தம் காலை 6 முதல் 7.30. டை அடிச்சு அஞ்சு வாரமாச்சு, வகிட்டுல ரெண்டு பக்கமும் பளிச்சுன்னு வெள்ளை. போன தடவை டை போட்டப்போ காதோரம் ரெண்டு நாள் அரிச்சுது. அந்த ஒரு நாளைக்கு மட்டும் வேர்ல அடிக்கிற பவுடரோ ஸ்பிரேயோ போதுமா? பட்டுச்சேலை, ஏசி இல்லாத மண்டபம்.

வெட்டிப்பேச்சு: போதாது. அஞ்சு மணிக்கே மண்டபம் புழுங்க ஆரம்பிச்சுடும். தாலி கட்டுறதுக்குள்ள கருப்புத் தண்ணி கழுத்துல இறங்கும். அமோனியா இல்லாத டை வாங்கி சனிக்கிழமை அடிச்சுடுங்கக்கா. அமோனியாதான் அரிப்புக்குக் காரணம்.

ஒப்பனை ராணி: தம்பி, அந்த யோசனையை மட்டும் சொல்லாதீங்க. அமோனியா வாடை மூக்கை எரிக்கும், தலையையும் கொஞ்சம் எரிக்கும், அது உண்மை. ஆனா அடிச்சு முடிச்ச பிறகும் ரெண்டு நாள் அரிக்குதுன்னா நான் முதல்ல சந்தேகப்படுறது பிபிடியை, டைக்குக் கருப்பு நிறம் கொடுக்கிற ரசாயனம் அது. அமோனியா இல்லைன்னு அட்டையில போட்டிருக்கிற நிறைய டைகள்லயும் அது இருக்கு. கருப்பு மெஹந்தின்னு விக்கிற பாக்கெட்டுலயும் இருக்கலாம். ஒரு தடவை ஒவ்வாமை வந்தா அடுத்த தடவை கூடுதலா வர வாய்ப்பிருக்கு. சனிக்கிழமை அடிச்சா ஞாயித்துக்கிழமை காலையில இமை வீங்கி நிப்பாங்க. தோல்ல வச்சு சோதிச்சுப் பார்க்கவே 48 மணி நேரம் வேணும். மகேஸ்வரிக்கா, டை பக்கமே போகாதீங்க. கல்யாணம் முடிஞ்சதும் தோல் டாக்டர்ட்ட காட்டுங்க.

பவுடர், ஸ்பிரே ரெண்டுமே பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு நிறமிதான். முடிக்கு உள்ள போகாது, மேல ஒட்டிக்கிட்டு இருக்கும், ஷாம்பு போட்டா போயிடும். இருந்தாலும் வாசனை, பசை எல்லாம் அதுலயும் உண்டு. வியாழக்கிழமையே காதுக்குப் பின்னால கொஞ்சம் தடவிப் பாத்துடுங்க.

சேகர்_மதுரை: எனக்கும் உச்சியில இதே பிரச்சினை. தூவுற நார் டப்பா ஒண்ணு வாங்கினேன், முடி அடர்த்தியா தெரியுது. அதையே வாங்குங்க.

ஒப்பனை ராணி: அண்ணே, அது வழுக்கையை மறைக்கிறது. அவங்களுக்கு முடி இருக்கு, நிறம்தான் இல்ல.

கேமரா கண்ணன்: கல்யாண வீடியோ எடுக்கிறவன் நான். என் ஓட்டு ஸ்பிரேக்கு. பவுடர் போட்டவங்களை லைட் வச்சுப் பாத்தா வகிடு முழுக்க ஸ்கெட்ச் பேனாவால கோடு போட்ட மாதிரி இருக்கு. தலைத்தோல் தெரியவே மாட்டேங்குது. யாருக்கும் தலைத்தோல் கருப்பா இருக்காதுல்ல?

ஒப்பனை ராணி: கண்ணன் சொல்ற குறை சரி, காரணம்தான் வேற. எல்லாரும் கருப்பு ஷேட் வாங்கி தோல்லயே தேய்க்கிறாங்க. நம்ம முடி வெயில்ல பாத்தா கரும்பழுப்பு. அந்த ஷேடை எடுத்து, பிரஷை டப்பா ஓரத்துல தட்டி உதறிட்டு, தோலை விட்டு ஒரு நூல் தள்ளி முடியில மட்டும் ஒத்தணும். ஒரே தடவையில அப்பாம மூணு தடவை மெல்லிசா. நெத்தியில சிந்தினா காஞ்ச பிரஷால தட்டிவிடுங்க. ஈரத்துணி பட்டா இழுவிடும்.

வகிட்டுக்கு ஸ்பிரே எனக்குப் பிடிக்கல. ஒரு அழுத்துல நெத்தி, காது, ரவிக்கைக் கழுத்து எல்லாத்துலயும் புள்ளி விழும். காதோரத்துக்கு ஸ்பிரேதான் நிக்கும், அங்க வேர்வை அதிகம். அதையும் ஒரு பழைய பல் விளக்குற பிரஷ் மேல அடிச்சு, அந்த பிரஷால முடியை வாரிவிடுவேன்.

வெட்டிப்பேச்சு: ஹோமம் பக்கத்துல ஸ்பிரே அடிச்ச தலையோட உக்காந்தா பத்திக்காதா?

ஒப்பனை ராணி: அந்தக் கேன்ல எரியிற வாயு இருக்கு, நியாயமான கேள்விதான். அடிக்கிற நேரம்தான் ஆபத்து. குத்துவிளக்கு, காஸ் அடுப்பு, சுருட்டுற மெஷின் எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது. நல்லா காஞ்சா வாயு போயிடும். தீக்கிட்ட தலையைக் கொண்டு போகாம இருக்கிறது எந்தத் தலைக்கும் உள்ளதுதான்.

சுதா76: என் கதையைக் கேளுங்க. மகன் கல்யாணத்துக்கு நானும் பவுடர்தான். முந்தின ராத்திரி வழக்கம்போல தேங்காய் எண்ணெய் வச்சுட்டுப் படுத்துட்டேன். காலையில பவுடர் மண்ணாங்கட்டி மாதிரி உருண்டு நின்னுச்சு. அதோட முடியலை. சம்பந்தியம்மா வகிட்டுல குங்குமம் வச்சுவிட்டாங்க, கையை எடுத்தா விரல் கருப்பு. அவங்க ஒண்ணும் சொல்லல, முந்தானையில துடைச்சுக்கிட்டாங்க. அதுவும் மாம்பழக்கலர் பட்டு. இப்ப நினைச்சாலும் கூசுது.

ஒப்பனை ராணி: சுதாக்கா சொன்ன குங்குமம் முக்கியம். வகிடு ஆரம்பிக்கிற இடத்துல அரை அங்குலம் எதுவும் போடாம விட்டுடுங்க. குங்குமமே அந்த வெள்ளையை மறைச்சுடும்.

போன சித்திரையில மாப்பிள்ளையோட அம்மா ஒருத்தங்களுக்கு இப்படித்தான் செஞ்சேன். சனிக்கிழமை காலையில தலைக்கு ஷாம்பு மட்டும், எண்ணெய் கிடையாது, வேர்ல கண்டிஷனர் கிடையாது. ஞாயித்துக்கிழமை நாலரைக்குக் கொண்டை முழுசா போட்டு முடிச்ச பிறகுதான் பவுடரைத் தொட்டேன். முன்னாடியே போட்டா வகிடு ஒரு விரல் நகந்தாலும் உள்ள இருக்கிற வெள்ளை எட்டிப் பாக்கும். ஒரு கை தூரத்துலேர்ந்து முடி நிக்க வைக்கிற ஸ்பிரே ஒரு தடவை. காஞ்சதும் வெள்ளை டிஷ்யூவை ஒத்திப் பாத்தேன், முதல் தாள்ல பழுப்பு, மூணாவது தாள் சுத்தம். மல்லிகைச் சரத்தை நல்லா உதறிட்டுத்தான் வச்சேன், அதுலேர்ந்து சொட்டுற தண்ணி போதும் கோடு விழ.

ஒன்பதரைக்குப் பந்தியில பாத்தேன். வகிடு அப்படியே இருந்துச்சு. ஆனா காதோரம் பாதி போயிடுச்சு, இடது காதுக்குப் பின்னால பழுப்பா ஒரு சொட்டு. அங்கயும் பவுடர் போட்டது என் தப்பு. அதுக்கப்புறம்தான் அங்க ஸ்பிரேக்கு மாறினேன்.

கேமரா கண்ணன்: பன்னீர் தெளிச்சா?

ஒப்பனை ராணி: தெளிச்சா புள்ளி புள்ளியா கரையும், அதுக்கு மருந்து இல்ல. வாசல்ல கையை நீட்டிடணும்.

வெட்டிப்பேச்சு: இத்தனை பாடு படுறதுக்கு நரையோடயே போகலாம். சித்திதானே, பொண்ணு இல்லையே.

சுதா76: சித்தி இல்ல தம்பி, பெரியம்மா. தங்கச்சி மகள்னு முதல் வரியிலயே இருக்கு. ஆல்பத்தை முப்பது வருஷம் பாக்கப்போறவங்க அவங்க.

நெல்லை மகேஸ்வரி: இன்னைக்கு வியாழன், ஒத்திகை பாத்தேன். கரும்பழுப்புப் பவுடர், வகிட்டுக்கு மட்டும். அரிப்பு இதுவரைக்கும் இல்ல. மூணாவது டிஷ்யூலயும் லேசா நிறம் வந்துச்சு, ஒருவேளை அதிகமா போட்டுட்டேன் போல. சமையக்கட்டுல ஒரு மணி நேரம் நின்னு பாத்தேன், நெத்திக்கு இறங்கல. தலையணை உறைதான் போச்சு, மத்தியானம் மறந்து சாஞ்சுட்டேன். காதோரத்துக்கு ஸ்பிரே வாங்கலாம்னா என் பொண்ணு வேண்டாங்கிறா, ரெண்டு வெள்ளை முடி அழகுங்கிறா. என் வீட்டுக்காரர் வாங்குன்னு சொல்றார், அவரும் மீசையில அடிச்சுக்கலாம்னு பாக்கிறார். மீசைக்கு அடிக்கலாமா?

ஒப்பனை ராணி: வேண்டாம்க்கா, மூக்குக்கும் வாய்க்கும் நேரா அடிக்கக் கூடாது. பந்தியில முதல் வாய் ரசத்தோட அது எப்படியும் போயிடும்.