மூன்று கிழமைப் பார்சல் காசு வரவில்லை, கையில் இருக்கும் காசைக் கழிக்கலாமா?

உவர்மலை ரைடர்: உள்ளூர் முகவர் ஒருவரிடம் பார்சல் ஓடுகிறேன், ஒன்றுக்கு 90 ரூபாய். மூன்று கிழமையில் 412 பார்சல் ஏற்றியும் ஒரு சதம் வரவில்லை. கேட்டால் "மேலிடத்தில் இருந்து வரவில்லை" என்கிறார். வாடிக்கையாளர்களிடம் வாங்கிய 14,600 ரூபாய் என்னிடம் இருக்கிறது. அதைக் கழித்துக்கொள்ளலாமா?

கிண்ணியா நானா: தாராளமாகக் கழி தம்பி. உன் உழைப்பு.

பழைய ரைடர்: வேண்டாம் தம்பி. அது பொருள் விற்ற கடைக்காரரின் காசு, உன் கையில் நம்பிக்கையின் பேரில் இருக்கிறது. நீ வைத்துக்கொண்டால் அவர் பொலிசில் நம்பிக்கை மோசடி என்று முறைப்பாடு போடுவார். காசு கேட்டு வந்த நீ அப்புறம் பதில் சொல்ல வேண்டியவனாகிவிடுவாய். நாளைக்கே முகவரிடம் கொடு. தொகை, திகதி, அவர் கையெழுத்து மூன்றும் ஒரே தாளில் இருக்கட்டும். இன்னொரு பொடியன் கையில் கொடுத்து அனுப்பாதே.

இன்றிரவே செயலியில் இருக்கும் பார்சல் பட்டியலை நாள் வாரியாகப் படம் எடு. கணக்கை முடக்கினால் எல்லாம் போய்விடும். திரும்பி வந்த பார்சலைத் தனியாக எண்ணு.

உவர்மலை ரைடர்: எண்ணினேன் அண்ணா. திரும்பியது 31.

பழைய ரைடர்: அப்படியென்றால் கொண்டுபோய்க் கொடுத்தது 381, அதற்கு 34,290 ரூபாய். இதில் அவருக்குப் பேச்சே இல்லை. காசு கேட்டு முகவருக்கு ஒரு கடிதம் எழுது, அதில் 31க்கான 2,790ஐத் தனி வரியில் போடு. ஒன்றாகக் கேட்டால் இதைக் காட்டியே முழுவதையும் இழுத்தடிப்பார். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்து.

நிலாவெளி ஹோட்டல்காரன்: தொழில் திணைக்களத்துக்குப் போனால் உடனே கிடைக்கும். எனக்குச் சீசன் சம்பளம் அப்படித்தான் கிடைத்தது.

பழைய ரைடர்: நீங்கள் சம்பள ஆள். இவரை "ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர்" என்று முகவர் சொல்வார். ஆனால் தாளில் எழுதிய பெயர் மட்டும் முடிவு இல்லை. நேரம் குறித்தது யார், லீவு எடுத்தால் தண்டம் அறவிட்டாரா, உனக்குப் பதில் வேறு ஆளை அனுப்ப விட்டாரா? அந்த வாட்ஸப் செய்திகளோடு தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடு. ஏற்பார்களா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அவர்கள் கைவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. பெரும்பாலும் சனி, ஞாயிறில் பள்ளிக்கூடத்தில் கூடும், வழக்கறிஞர் தேவையில்லை. இணங்காவிட்டால் சான்றிதழ் தருவார்கள். இந்த மாதிரிச் சின்னத் தொகை வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக அது வேண்டும்.

உவர்மலை ரைடர்: காசைக் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டார், திகதி போட மறுத்தார். அந்த இடத்திலேயே படம் எடுத்தேன். திரும்பி வீட்டுக்கு வருவதற்குள் வாட்ஸப் குழுவில் இருந்து என்னைத் தூக்கிவிட்டார். பழைய செய்திகள் என் போனில் இன்னும் இருக்கின்றன.

பழைய ரைடர்: குழுவை அழிக்காதே. உரையாடலை ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் உனக்கே அனுப்பி வை.